சித்திரையில் தேன் பெட்டி வாங்க வேண்டாம்

எங்கள் ஊர் மகளிர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



குழுக் கடன் எடுத்து ஆளுக்கு ஐந்து தேன் பெட்டி வாங்குவதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்றும், சித்திரை பிறந்ததும் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்க ஒரு வியாபாரியிடம் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். தேனீ வளர்க்க வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் வைத்து ஸ்பென்சர் ஹாட்ச் இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து இங்கே வீட்டு முற்றத்தில் பெட்டி வைத்துப் பிழைத்தவர்கள் ஏராளம். நான் சொல்ல வருவது இரண்டே மாற்றம்தான். ஐந்தை இரண்டாக்குங்கள். சித்திரையை ஐப்பசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் சித்திரை ஏன் ஆகாது என்று சொல்கிறேன். நம் மேற்குப் பகுதியில் தேன் என்றால் ரப்பர்தான். மார்கழியில் இலை உதிர்ந்து, தையில் தளிர் விடும். அந்தத் தளிரில் மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள், சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். தேனீ குடிக்கும் இனிப்பு நீர் அங்கிருந்துதான் கசிகிறது, பூவிலிருந்து அல்ல. இலை இளஞ்சிவப்பாக இருந்து பச்சைக்குத் திரும்பும் வரைதான் அது நன்றாகக் கசியும். இலை முற்றினால் நின்றுவிடும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை பெட்டிகள் நிரம்பி வழிவதும், சித்திரையோடு எல்லாம் அடங்குவதும் இதனால்தான்.

அதனால் சித்திரையில் விற்க வரும் பெட்டி பார்க்கப் பிரமாதமாக இருக்கும். மூடியைத் திறந்தால் ஏழு சட்டத்திலும் ஈ மொய்க்கும். விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் வரத்துக் காலத்தில் உழைக்கும் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஒன்றரை மாதம் போல. சித்திரையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ஈக்களில் அநேகமாக ஒன்றுகூட ஆனி பிறக்கும்போது உயிரோடு இருக்காது. அவற்றின் இடத்துக்குப் புதியவை வர வேண்டுமானால் ராணி முட்டையிட வேண்டும். முட்டை புழுவானால் அதற்கு ஊட்ட மகரந்தம் வேண்டும். ரப்பர் தேன் தருமே தவிர மகரந்தம் பேருக்குத்தான் தரும். அப்புறம் இடவப்பாதி மழை தொடங்கும். ஈ வெளியே போக முடியாது, போனாலும் பெரிதாகப் பூ இருக்காது. வியாபாரி கடைசிச் சட்டத் தேனையும் சுற்றி எடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தருவார் என்பதால் உள்ளே இருப்பும் இருக்காது. ஆடியில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்.

இந்த ‘காலியாக இருப்பது’ நம் நாட்டு அடுக்குத் தேனீயின் குணம். இத்தாலியத் தேனீ பட்டினி கிடந்து பெட்டியிலேயே செத்துப்போகும். நம் ஈ அப்படியில்லை. சரிப்பட்டு வராது என்று தெரிந்தால் ராணியையும் கூட்டிக்கொண்டு மொத்தமாகப் பறந்துவிடும். போவதற்குப் பல நாள் முன்னாலேயே அடையாளம் காட்டும். வாசலில் உட்கார்ந்து கவனித்தால், காலில் மஞ்சள் உருண்டையோடு திரும்பி வரும் ஈக்கள் குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும். உள்ளே முட்டை இருக்காது. மூடிய புழு அறைகள் பொரிந்து முடிந்து அடை வெறுமையாகும். இருக்கிற கொஞ்சத் தேனையும் குடித்து முடித்திருக்கும். அந்த நிலையில் சர்க்கரைப் பாகு வைத்தால் அதைக் குடித்து வயிறு நிரப்பிக்கொண்டு கிளம்புவதும் உண்டு. ஆகவே பாகு கொடுப்பது அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

இதையெல்லாம் ஒரு வருஷம் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு ஆடியைத் தாண்ட வைப்பது கஷ்டமல்ல. பழக்கமில்லாதவர் கையில் முதல் வேலையாக அந்த மூன்று நான்கு மாதங்களைக் கொடுப்பதுதான் தப்பு. ஐப்பசியில் வாங்கினால் கூட்டம் உங்கள் கண் முன்னால் வளரும், தையில் தேன் வைக்கும், பஞ்சமாதம் வருவதற்குள் உங்களுக்கு ஏழெட்டு மாதப் பழக்கம் ஆகியிருக்கும்.

இனி, ஐந்து ஏன் இரண்டாக வேண்டும் என்பது. உங்களில் பலருக்குப் பத்து, பதினைந்து சென்ட் நிலம்தான். ‘இவ்வளவு சின்ன இடத்தில் ஈக்குத் தீனி கிடைக்குமா’ என்று ஒரு தங்கச்சி கேட்டதாகச் சொன்னார்கள். உங்கள் பதினைந்து சென்ட் ஈக்குப் பொருட்டே அல்ல. நம் ஈ சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் தூரம் வரை போய் மேயும். உங்கள் வீட்டை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால் உள்ளே வருவது ஏறத்தாழ 775 ஏக்கர். தேனீக்கு நிலம் அதுதான். ஆனால் அதே வட்டத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெட்டியும் இருக்கிறது, ரப்பர் தளிர்க்கும்போது லாரியில் நூற்றுக்கணக்கில் பெட்டி கொண்டுவந்து வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். குழுவில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஐந்து என்று அறுபது பெட்டியை ஒரே ஊருக்குள் இறக்கினால், ரப்பர் காலத்தில் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் தென்னம்பாளையும் வாழைப்பூவும் மட்டும் இருக்கும்போது அறுபது கூட்டமும் பட்டினி கிடக்கும்.

ஒரே ஒரு பெட்டி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ஒன்று மட்டும் இருந்தால், அது நன்றாக இருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஒன்றில் ராணி செத்துப்போனால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக் கொடுத்தால் அந்த ஈக்களே புது ராணி வளர்த்துக்கொள்ளும். இரண்டு இருந்தால்தான் இது முடியும்.

வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், அடையைப் பாருங்கள். நியூட்டன் பெட்டி என்று நாம் புழங்குவது திருச்சிப் பக்கம் நூறு வருஷத்துக்கு முன்னால் நியூட்டன் என்ற பாதிரியார் நம் ஈயின் அளவுக்கென்று செய்தது. கீழே ஏழு சட்டம் உள்ள புழு அறை, அதன் மேல் தேன் அறை. மரம் அயனியா, ரப்பரா என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு பக்கமும் ஈ மூடிய நான்கு சட்டமாவது இருக்கும் கூட்டம். பகல் வெயிலில், விற்பவரையே ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அதைப் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று தெரிந்தால் மீதி பாதி தானே வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெளிச்சம் தோளுக்கு மேலாக விழுந்து அறையின் அடிவரை போகும்படி சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் வெள்ளை நூல் துண்டு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முட்டை. இட்ட அன்று நேராக நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும், பிறகு வெடித்துப் புழுவாகும். நின்றுகொண்டிருக்கும் முட்டை கண்ணில் பட்டால் நேற்றோ இன்றோ ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று அர்த்தம். ராணியைத் தேடிக்கொண்டு சட்டம் சட்டமாகப் புரட்டிக் கூட்டைக் கலைக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் ஒரு முட்டை, அது அடியின் நடுவில் என்றிருந்தால் எல்லாம் சரி. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகச் சுவரில் ஒட்டியிருந்தால் ராணி இல்லாமல் பல நாள் ஆகி வேலைக்கார ஈக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அவற்றிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் பிறக்கும். அந்தப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அதே சட்டத்தில் மூடிய புழு அறைகளையும் பாருங்கள். மூடி சற்றே உப்பலாக, பழுப்பாக, விட்டுப்போன அறை அதிகம் இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மூடியில் நடுவில் ஊசிக் குத்து போல் துளை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அறை பெரிதாக, மூடி கூம்பாக எழும்பியிருந்தால் அது ஆண் ஈ அறை. நம் நாட்டு ஈயில் அப்படித்தான் இருக்கும். ஆனால் சாதாரண அறைகளில் மூடி அரைகுறையாகக் கிழிந்து, உள்ளே புழு தலையைத் தூக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ஒரு குச்சியால் அந்தப் புழுவைத் தூக்கினால் தண்ணீர் நிரம்பிய பை போல் முழுசாக வரும். அது தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1991-92இல் இந்த நோய் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைத் துடைத்துப் போட்டது. வீட்டுக்கு நாற்பது பெட்டி வைத்திருந்தவர்கள் வெறும் பெட்டியை அடுப்பெரித்த காலம் அது, மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதற்கு மருந்து கிடையாது. நோய் உள்ள பெட்டியிலிருந்து சட்டத்தை எடுத்து நல்ல பெட்டியில் வைத்தால் நோயும் கூடப் போகும். பக்கத்துப் பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி அதே இடத்திலிருந்து வாங்குவதும் புத்திசாலித்தனம் அல்ல.

காசு கொடுக்காமல் மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ இருக்கும் கூட்டத்தைப் பிடிக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். பிடிக்கலாம், ஆனால் பழகிய ஒருவரோடு போய். பொந்திலிருந்து அறுத்த அடையைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழைநாரால் கட்டி, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி வைக்க வேண்டும். தேன் உள்ள துண்டைக் கட்டக் கூடாது, ஒழுகி எறும்பு வரும். இரண்டு மூன்று நாளில் ஈயே அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே தள்ளும். இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டி வந்து இறங்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். வாசல் கிழக்குப் பார்த்து இருந்தால் நல்லது. வாசலுக்கு நேரே பாதையோ, மாட்டுத் தொழுவமோ, துணி காயப்போடும் கயிறோ இருக்கக் கூடாது. சின்னப் பறம்பில் இதற்கு ஒரு வழி உண்டு. வாசலுக்குச் சில அடி தள்ளி ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி வேலி இருந்தால் ஈ மேலே எழும்பித்தான் போகும், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தலையில் மோதாது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறடியாவது விடுங்கள். அருகில் ஒரு பரந்த சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வீட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சண்டை இழுத்து வைக்கும்.

எறும்பு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். கிண்ணம் இருந்தும் எறும்பு ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், தாங்கியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு புல்லோ, மேலே சாய்ந்து கிடக்கும் தென்னோலையோதான். கிண்ணத்தில் சருகு விழுந்து பாலம் போட்டிருப்பதும் உண்டு. தினமும் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தால் போதும்.

கொட்டு வாங்காமல் தேனீ வளர்க்க முடியாது. கொட்டிய இடத்தில் கொடுக்கு நிற்கும், கூடவே விஷப்பையும். அதை நகத்தால் சட்டென்று வழித்து எறிந்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும், ஏனென்றால் கொட்டிய இடத்திலிருந்து எழும் வாசனை மற்ற ஈக்களையும் அங்கேயே கூப்பிடும். வீங்கி வலித்து ஒன்றிரண்டு நாளில் அடங்குவது சாதாரணம். ஆனால் கொட்டிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு நாக்கு வீங்கி, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி இப்படி ஆகியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் அந்த வீட்டில் பெட்டி வைக்க வேண்டாம். குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் அவர் கணக்கு எழுதட்டும், தேன் வடிகட்டட்டும், பங்கு குறைய வேண்டியதில்லை.

இப்போது ஒரு வருஷத்தை நடத்திப் பார்ப்போம். உங்களில் ஒரு அக்காவுக்குப் பதினைந்து சென்ட், அதில் ஏழெட்டுத் தென்னை, கொஞ்சம் வாழை, ஒரு முருங்கை, வேலிக்கு அப்பால் ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் இரண்டு பெட்டி வாங்குகிறார், ஒவ்வொன்றிலும் நான்கு சட்டம். இரவில்தான் கொண்டுவருகிறார், வாசலைக் கம்பி வலையால் அடைத்து, சட்டம் ஆடாமல் கட்டி. இறக்கிய இடத்தைப் பிறகு மாற்றுவதில்லை. பெட்டியைப் பத்தடி தள்ளி வைத்தால்கூட வெளியே போன ஈ பழைய இடத்துக்கே வந்து சுற்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் மட்டும் பாகு வைக்கிறார். வாரம் ஒரு தடவை, காற்றில்லாத பகலில், பெட்டியைத் திறக்கிறார். பத்து நிமிஷத்துக்குமேல் திறந்து வைப்பதில்லை. பார்ப்பது முட்டை இருக்கிறதா, மகரந்தம் வருகிறதா, அடிப்பலகை சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான். ஈக்கள் ஓரச் சட்டத்தையும் மூடத் தொடங்கினால் இன்னொரு சட்டம் சேர்க்கிறார். மார்கழிக் கடைசியில் ஆறு, ஏழு சட்டம் ஆகிவிடும்.

அப்போது ஒரு புதுத் தொல்லை வரும். கூட்டம் நெருக்கமானால் பிரிந்து போகப் பார்க்கும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் அறைகள் தெரிந்தால் அவை ராணி அறைகள். முட்டையிட்டு எட்டாம் நாள் வாக்கில் அவை மூடப்படும், மூடியதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பத் தயாராகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்வது இதனால்தான், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போனபிறகுதான் தெரியும். முதல் வருஷம் அந்த அக்கா அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு, மேலே தேன் அறையை வைத்து இடம் கொடுக்கிறார். கிள்ளுவதற்கு முன் முட்டை இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது முக்கியம். முட்டையே இல்லாமல் ராணி அறை மட்டும் இருந்தால் ராணி ஏற்கெனவே போய்விட்டாள், அப்போது கிள்ளினால் கூட்டமே அநாதையாகும். அடுத்த வருஷம் முதல் இதே சமயத்தில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பெட்டி பெருக்கிக்கொள்ளலாம், இப்போது அந்த ஆசை வேண்டாம்.

தேன் அறை ஏறிய நாளிலிருந்து பாகு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது அப்படியே மேலே போய்ச் சேரும், நீங்கள் விற்பது சர்க்கரைத் தண்ணீராகும்.

முதல் வருஷத் தேன் ஏன் குறைவு என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தேன் அறைச் சட்டங்கள் வெறுமையாக இருக்கும், அவற்றில் மெழுகால் அடை கட்டிய பிறகுதான் தேனை வைக்க முடியும். அந்த மெழுகு ஈயின் உடம்பில் தேனைத் தின்றுதான் ஊறுகிறது. ரப்பர் தளிர்க் காலத்தின் ஒரு பாதி அடை கட்டுவதிலேயே போய்விடும். அடுத்த வருஷத்துக்கு அந்த அடைகளைச் சேதமில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தால் ஈ நேராகத் தேனை நிரப்பத் தொடங்கும். அதனால்தான் அடையை அறுத்துப் பிழியாமல், சுற்றி எடுக்கும் கருவி வேண்டும் என்கிறேன். ஆளுக்கொன்று தேவையில்லை, குழுவுக்கு ஒன்று போதும். அந்த அக்காவுக்கு முதல் வருஷம் இரண்டு பெட்டியிலும் சேர்த்து ஏழெட்டுக் கிலோ கிடைத்தால் சந்தோஷப்படலாம். பெட்டிக்குப் பதினைந்து கிலோ என்று வியாபாரி சொல்வது பொய் அல்ல, அது பழகிய கையில், பலமான கூட்டத்தில், அடை தயாராக இருக்கும் வருஷத்தில் வரும் கணக்கு. தளிர் விடும் சமயத்தில் மழை பெய்தால் அவர்களுக்கும் வராது.

எடுக்கும் நாளைத் தேன்தான் சொல்ல வேண்டும், பண்டிகையோ வாங்க வருபவரோ அல்ல. சட்டத்தில் முக்கால் பங்கு அறைகளுக்காவது வெள்ளை மெழுகு மூடி போட்டிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சட்டத்தைப் படுக்கை வசமாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். மூடாத அறைகளிலிருந்து சொட்டு தெறித்தால் அது இன்னும் தண்ணீர், திரும்ப வைத்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி விற்கும் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரப்பர்த் தேன் இயல்பிலேயே இளகல், அவசரப்பட்டு எடுத்தால் அந்த அளவைத் தாண்டிவிடும், பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். ஈரம் பார்க்கும் சின்னக் கருவியொன்றையும் குழுவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இதே தேன் சில மாதத்தில் நெய் போல உறைவதும் உண்டு, அது கெட்டுப்போனதும் அல்ல, சர்க்கரை கலந்ததும் அல்ல, வாங்குபவர்களிடம் விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. இன்னொன்றும் சொல்லி விற்க வேண்டும்: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கக்கூடும், பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அது பச்சைக் குழந்தைக்கு ஆபத்தாகும். கீழே புழு அறையில் இருக்கும் தேன் உங்களுடையது அல்ல. அதைத் தொடாமல் விட்டவர்களுக்கு ஆடியில் சர்க்கரைச் செலவு குறையும்.

சித்திரையில் மேல் அறையை இறக்குகிறார். அதன் அடைகளைக் காற்றுப் புகாமல் கட்டி வைக்கிறார், இல்லையென்றால் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு இரண்டு மூன்று வாரத்தில் வெறும் சிலந்தி வலையாக்கிவிடும். கீழே புழு அறையிலும் கூட்டம் சுருங்கச் சுருங்க, ஈ மூடாத அடைகளை எடுத்துவிட்டு ஒரு தடுப்புப் பலகை போட்டு இடத்தைக் குறுக்குகிறார். காவல் இல்லாத அடையில்தான் அந்து புகும். அடிப்பலகையில் கறுப்பு எச்சமும், அடைக்குள் நூல் இழுத்த சுரங்கமும் தெரிந்தால் அந்த அடையை அன்றே வெளியேற்ற வேண்டும்.

ஆனி முதல் புரட்டாசி வரை வாரம் ஒரு தடவை பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிச் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறியபின் சிரட்டையில் ஊற்றி, ஈ முழுகாமல் நிற்கச் சில ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்கு உள்ளே, சட்டங்களின் மேல் வைக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு, இரண்டு பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தாலோ, ஒரு சொட்டு வெளியே சிந்தினாலோ பலமான பெட்டி ஈக்கள் மெலிந்த பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் தடுப்பது பெரும் பாடு. பதினெட்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஏழேகால் கிலோவுக்குள். ரேஷன் சர்க்கரையே போதும். இந்த ஏழேகால் கிலோவை மிச்சம் பிடித்தவர்கள்தான் அடுத்த ஐப்பசியில் மறுபடி பெட்டி வாங்க வருகிறார்கள்.

இனி முன்பணம் கொடுத்த விஷயம். வியாபாரியிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம், அவர் தரவும் மாட்டார். ‘ஆளுக்கு இரண்டு போதும், ஐப்பசியில் நான்கு சட்டக் கூட்டமாகத் தாருங்கள், ஒவ்வொன்றையும் வெயிலில் திறந்து முட்டை பார்த்துத்தான் எடுப்போம்’ என்று எழுதி வாங்குங்கள். நல்ல ஆளாக இருந்தால் ஒத்துக்கொள்வார், பஞ்சமாதச் செலவு அவர் தலையில் என்பதால் விலை கொஞ்சம் கூட்டிக் கேட்பார். கொடுங்கள், அது நியாயமான காசு. முட்டை காட்ட மாட்டேன் என்றால் முன்பணம் போனாலும் போகட்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் போட்டு, வீட்டைச் சுற்றி எந்த மாதம் எது பூக்கிறது, எதில் ஈ உட்காருகிறது என்று எழுதி வையுங்கள். வாழைக்கும் பாவலுக்கும் மருந்தடிக்கும் அயல்வாசிகள் யார், எந்த நேரத்தில் அடிக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். ஈ அடங்கிய சாயங்காலத்தில் அடிக்கச் சொல்லி இப்போதே பேசிவைப்பது, பெட்டி வந்தபின் சண்டை போடுவதைவிட எளிது. வாரம் ஒருநாள் நான் என் பெட்டிகளைத் திறப்பேன், மழை இல்லாத ஞாயிறு காலை பத்து மணிக்கு. இரண்டிரண்டு பேராக வந்தால் சட்டத்தை உங்கள் கையிலேயே தருகிறேன். வரும்போது தலைக்குப் பூ வைக்காமல், சென்ட் பூசாமல், வெளிர் நிறச் சேலையில் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அயல்வாசி